குதிகால் வலிக்கு ஹீல் கப்பா, ராக்கர் சோலா, இன்சோலா?

"மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 44, பள்ளியில் டீச்சர். சில மாதங்களாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி வைக்க முடியவில்லை. டாக்டர் பிளான்டர் ஃபாசியைட்டிஸ் என்று சொல்லி எம்.சி.ஆர் செருப்பு போடச் சொன்னார். வீட்டில் பரவாயில்லை, ஆனால் ஸ்டேஷன் படி ஏறி வேகமாக நடந்தால் வலி அப்படியேதான் இருக்கிறது. கடையில் ஹீல் கப், ராக்கர் சோல் ஷூ, ஆர்ச் இன்சோல் என்று மூன்று காட்டுகிறார்கள். எதை வாங்குவது, மூன்றும் வேண்டுமா?"

மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு அடி எடுத்து வைக்கும்போது மூன்று கட்டங்கள் இருக்கின்றன: குதிகால் தரையில் விழும் நேரம், உடம்பு முழுக்க அந்தக் காலின் மேல் நிற்கும் நேரம், குதிகால் எழும்பி முன்பாதத்தால் தள்ளும் நேரம். ஹீல் கப் முதலாவதற்கு, இன்சோல் இரண்டாவதற்கு, ராக்கர் மூன்றாவதற்கு. உங்களுக்கு எந்தக் கட்டத்தில் வலிக்கிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பது பாதி முடிந்த மாதிரி. நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது, படியும் வேகநடையும். அது மூன்றாவது கட்டம். எம்.சி.ஆர் அங்கே உதவாததில் ஆச்சரியம் இல்லை.

குதிகால் எலும்பின் அடியில், உள்பக்கத்தில் தொடங்கி விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது, டாக்டர் சொன்ன பெயரில் இருக்கும் பிளான்டர் ஃபாசியா இதுதான். பாதத்தின் வளைவு சரிந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு. விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது இந்தப் பட்டை, கிணற்று உருளையில் கயிறு சுற்றுவது போல, விரல் மூட்டுகளைச் சுற்றி இழுபடுகிறது. ஹிக்ஸ் என்பவர் 1954இல் இதை விவரித்தார். உட்கார்ந்துகொண்டு வலது கால் பெருவிரலைக் கையால் மேலே இழுத்துப் பாருங்கள், உள்ளங்காலில் ஒரு நரம்பு போல அது விறைத்து நிற்பது தெரியும். படி ஏறும்போதும், ரயிலைப் பிடிக்க விரையும்போதும், தாதர் பாலத்தில் கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போகும்போதும் ஒவ்வொரு அடியிலும் நடப்பது இதுதான். அந்த இழுப்பு முழுவதும் போய்ச் சேரும் இடம் குதிகால் எலும்பில் பட்டை ஒட்டியிருக்கும் புள்ளி. உங்களுக்கு வலிப்பதும் அந்தப் புள்ளியாகத்தான் இருக்கும், குதிகாலின் முன்பக்கம், சற்று உள்பக்கமாக. கட்டைவிரலால் அழுத்தினால் சுள்ளென்று காட்டிக்கொடுத்துவிடும்.

குதிகாலின் நட்டநடுவில், நின்றாலே வலி, வெறுந்தரையில் கல்லை மிதித்த மாதிரி வலி என்றால் கதை வேறு. அங்கே சிக்கல் பட்டையில் இல்லை, குதிகாலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தையில். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இப்போது எம்.சி.ஆர். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பது அழுத்தத்தைப் பரப்புவதற்காகப் பயன்படுத்தும் மிருதுவான பொருள். தொழுநோயாலோ சர்க்கரை நோயாலோ உணர்ச்சி குறைந்த பாதங்களில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண் ஆகாமல் இருக்கத்தான் அது முதன்மையாக உதவுகிறது. அதை நம் ஊரில் எல்லாக் குதிகால் வலிக்கும் எழுதிக்கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடப்பதைவிட நிச்சயம் நல்லது, அதனால்தான் வீட்டில் உங்களுக்குப் பரவாயில்லை. ஆனால் வழக்கமான எம்.சி.ஆர் செருப்பைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள், இரண்டாக மடங்கும். குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம், வளைவுக்குத் தாங்கல் ஏதும் இல்லை, விரல் மடங்குவதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. முதல் கட்டத்துக்கு மட்டும் மருந்து, மற்ற இரண்டு கட்டத்துக்கும் கைவிரிப்பு.

மிருது என்றால் நல்லது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், கடைக்காரர்களும் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டியே விற்கிறார்கள். மிகையாக மெத்தென்று இருக்கும் அடிப்பகுதியில் குதிகால் புதைந்து பக்கவாட்டில் ஆடும், அந்த ஆட்டத்தில் பாதம் உள்பக்கம் சரியும், சரிந்தால் பட்டை இன்னும் நீளும். கடையில் சுகமாக இருந்த செருப்பு சாயங்காலம் வலிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஹீல் கப்பை எடுத்துக்கொள்வோம். பெயரில் கப் இருப்பதற்கு அர்த்தம் உண்டு, அது வெறும் குஷன் இல்லை. குதிகாலின் கொழுப்பு சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டிருக்கிறது. தட்டையான கெட்டித் தரையில் எடை விழுந்ததும் அது பக்கவாட்டில் பிதுங்கி, எலும்புக்கு அடியில் மெல்லியதாகிவிடும். கப்பின் சுவர்கள் அந்தப் பிதுங்கலைத் தடுத்து, உங்கள் சொந்தக் கொழுப்பையே எலும்புக்கு அடியில் குவித்து வைக்கின்றன. ஆகவே கப் குதிகாலின் இரண்டு பக்கமும் தோலைத் தொட்டு லேசாகப் பிடித்தபடி இருக்க வேண்டும். சுவருக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைந்தால் அது பெரிய சைஸ், வெறும் ஜெல் துண்டாகத்தான் வேலை செய்யும். கூடவே, குதிகாலைச் சில மில்லிமீட்டர் உயர்த்துவதால் கெண்டைக்கால் தசையின் இழுப்பும் கொஞ்சம் தளர்கிறது. கெண்டைக்கால் இறுகியிருப்பவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

ஒன்று மறக்க வேண்டாம். வலி ஒரு காலில்தான் என்றாலும் கப் இரண்டு காலுக்கும் போடுங்கள். ஒரு கால் மட்டும் உயர்ந்தால் வலி இடுப்பில் போய் உட்காரும். இன்னொன்று, கப்பை வைத்ததும் குதிகால் ஷூவிலிருந்து மேலே எழும்பி நழுவுகிறதா பாருங்கள். பின்பக்கச் சுவர் குட்டையாக இருக்கும் பெண்கள் ஷூக்களில், குறிப்பாக பெல்லி மாடலில், இது கட்டாயம் நடக்கும். அதில் ஹீல் கப் வைத்துப் பயன் இல்லை.

இன்சோல் விஷயத்தில்தான் நிறையப் பணம் வீணாகிறது. வளைவைத் தாங்கும் இன்சோல், பாதம் முழு எடையில் நிற்கும்போது வளைவு சரிந்து பட்டை நீள்வதைக் குறைக்கிறது. அதற்கு அது கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். வளைவுப் பகுதியைக் கட்டைவிரலால் பலமாக அமுக்குங்கள், லேசாக இறங்கித் தாங்கினால் சரி, அப்படியே தட்டையானால் உங்கள் எடைக்கு அது காகிதம். மேட்டின் உச்சி குதிகாலுக்குச் சற்று முன்னால், உள்வளைவின் அடியில் வர வேண்டும். முன்பாதத்தின் உருண்டைக்குப் பக்கத்தில் முட்டினால் சைஸ் தவறு. சிலருக்குப் பட்டை நன்றாகத் துருத்திக்கொண்டு இருக்கும், அவர்களுக்குக் கெட்டி இன்சோலின் மேடு நேராகப் பட்டையிலேயே குத்தும். பெருவிரலை இழுத்துப் பார்த்தபோது விறைத்த அதே கோட்டில் புது வலி வந்தால் காரணம் அதுதான், அந்த இடத்தில் ஒரு பள்ளம் தேய்த்துக் கொடுக்கச் சொல்லலாம்.

பாதத்தை அச்செடுத்துச் செய்யும் இன்சோல் தேவையா என்று அடுத்து கேட்பீர்கள். முதலில் தேவையில்லை. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஒரு ஆய்வில் 236 பேரைப் பிரித்து, எல்லாருக்கும் நீட்சிப் பயிற்சி கொடுத்து, சிலருக்கு ரெடிமேட் சிலிகான் பேட், சிலருக்கு ரப்பர் கப், சிலருக்கு ஃபெல்ட், சிலருக்கு அச்செடுத்த இன்சோல், சிலருக்கு எதுவும் இல்லை என்று வைத்துப் பார்த்தார்கள். 8 வாரத்தில் முன்னேற்றம் கண்டவர்கள் சிலிகானில் 95 சதவீதம், பயிற்சி மட்டும் செய்தவர்களில் 72, அச்செடுத்ததில் 68. விலை அதிகமானது கடைசியில் வந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் போலி இன்சோல், ரெடிமேட், அச்செடுத்தது என மூன்றையும் ஒப்பிட்டார்கள். 3 மாதத்தில் அசல் இன்சோல் இரண்டிலும் நடமாட்டம் கொஞ்சம் மேல், 12 மாதத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது இன்சோல் வலி ஆறும் காலத்தைக் கடக்க உதவும், ஆறுவதை அது செய்வதில்லை. சில நூறு ரூபாய் ரெடிமேடில் தொடங்கி, பாதம் ரொம்பத் தட்டை அல்லது ரொம்ப வளைவு என்பதால் ரெடிமேட் உட்காரவே இல்லை என்றால் மட்டும் ஆயிரங்களைச் செலவழியுங்கள்.

வாங்குவதற்கு முன்பே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் சொல்லி உள்வளைவைத் தாங்குமாறு பாதத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓரிரு நாள் அதோடு வழக்கம்போல் நடங்கள். வலி கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தால் இன்சோலும் உங்களுக்கு ஒத்துவரும் வாய்ப்பு அதிகம். எந்த மாற்றமும் இல்லையென்றால் பணத்தை ராக்கர் பக்கம் திருப்புங்கள்.

ராக்கர் சோல் என்பது அடிப்பகுதி முன்னால் வளைந்து மேலேறும் விறைப்பான சோல். முன்பாதத்தில் விரல் மூட்டு மடங்க வேண்டிய நேரத்தில் ஷூவே உருண்டு உங்களை முன்னால் கொண்டுபோய்விடும், விரல் மடங்காததால் அந்த உருளை இழுப்பு குறைகிறது. இதில் இரண்டு அம்சமும் சேர்ந்தே இருக்க வேண்டும். வளைவு மட்டும் இருந்து சோல் மெத்தென்று மடங்கினால் அது அலங்காரம். ஷூவை மேசையில் வையுங்கள், முனையை விரலால் அழுத்துங்கள், பின்பக்கம் முழுசாக எழும்ப வேண்டும். பிறகு இரண்டு கையாலும் மடக்கப் பாருங்கள், நடுவில் மடங்கவே கூடாது, முன்பாதத்திலும் சிரமப்பட்டுத்தான் மடங்க வேண்டும். உருளத் தொடங்கும் இடம் முன்பாத உருண்டைக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். விரல் நுனிக்குப் பக்கத்தில் மட்டும் தூக்கிக்கொண்டிருக்கும் வளைவு நிறைய ஓட்ட ஷூக்களில் இருக்கிறது, விரல் அதற்குள் ஏற்கெனவே மடங்கி முடித்துவிடும். ஷூவுக்குள் கையை விட்டும் பாருங்கள், வெளியே வளைந்திருந்தாலும் உள்ளே விரல்கள் ஓரளவு சமமாகப் படுக்க இடம் வேண்டும்.

ராக்கரும் இன்சோலும் சேர்ந்தால்? ஹாங்காங்கில் 2012இல் 15 நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், இரண்டும் சேர்ந்தபோது வலி தனித்தனியாகப் போட்டதைவிடக் குறைவாக இருந்தது. அது உடனடி வலியைத்தான் அளந்தது, சின்ன ஆய்வு, ஆனால் அன்றாடம் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

மும்பைக்காரர்களுக்கு ராக்கரில் ஒரு எச்சரிக்கை. அடி உயர்ந்த, முன்னும் பின்னும் உருளும் ஷூவோடு ஓடும் லோக்கலில் தொற்றுவது, மழையில் வழுக்கும் பிளாட்பாரத்தில் நடப்பது இரண்டும் ஆபத்து. முதல் வாரம் வீட்டுக்குப் பக்கத்துச் சமதரையில் பழகுங்கள். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடியுங்கள். தள்ளாட்டம் இருப்பவர்களுக்கும், அடிக்கடி கணுக்கால் பிசகுபவர்களுக்கும் ராக்கரை நான் சொல்வதே இல்லை.

ஒரு உதாரணம் சொன்னால் இது எப்படிச் சேரும் என்று புரியும். சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு அக்கா என்னிடம் வந்தார், நான்கு வீடுகளில் சமையல். இரண்டு வீட்டில் கோட்டா கல் தரை, இரண்டில் டைல்ஸ், எங்கேயும் சமையலறையில் செருப்புப் போட விடமாட்டார்கள். தெருவுக்குத் தட்டையான ரப்பர் செருப்பு. அழுத்திப் பார்த்தபோது உள்பக்கப் புள்ளியிலும் வலி, குதிகாலின் நடுவிலும் வலி. "நடக்கும்போதுகூடத் தாங்கிடலாம் மேடம், தோசைக்கல்லு முன்னால நிக்கிறதுதான் உயிர் போகுது" என்றார். அதாவது முதல் இரண்டு கட்டங்கள். அவருக்கு ராக்கர் வாங்கிக்கொடுத்திருந்தால் வீண், நடப்பது குறைவு, நிற்பதுதான் அதிகம்.

டேப் ஒட்டிப் பார்த்தோம், மறுநாளே நிற்பது எளிதானது. ஆனால் இன்சோலை எங்கே வைப்பது, ஷூவே கிடையாதே? ஜெல் ஹீல் கப் உள்ளே தைத்த காலுறை கிடைக்கிறது, துவைத்துப் போடலாம். அதைச் சமையலறைக்கு என்று வைத்தோம், கூடவே அடியில் வழுக்காத புள்ளிகள் இருப்பதாகப் பார்த்து. வாரம் கழித்து அவர் சொன்னது, வலி குறைந்தது ஆனால் வளைவு இன்னும் சோர்கிறது. அப்புறம்தான் குதிகால் குழிவாகவும் வளைவில் மேடாகவும் ஈவிஏ என்ற லேசான நுரையில் வார்த்த கிளாக்ஸ், மலிவானதுதான், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜோடி உள்ளே மட்டும் போட என்று பேசச் சொன்னேன். மூன்று வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். நான்காவது வீட்டில் காலுறையோடு சமாளித்தார், ஒரு தடித்த ரப்பர் பாய் அடுப்படியில் போடவைத்தார். காலையில் எழுந்ததும் செய்யும் நீட்சிப் பயிற்சியும் சேர்த்து இரண்டு மூன்று மாதத்தில் காலை வலி முதல் சில அடிகளோடு நின்றது. அந்த நான்காவது வீட்டு நாட்களில் மட்டும் சாயங்காலம் வலி எட்டிப்பார்த்தது, எது வேலை செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மழைக்காலம் தனிப் பிரச்சினை. ஜூன் முதல் செப்டம்பர் வரை துணியால் மூடிய இன்சோல் நனைந்தால் இரவுக்குள் காயாது, நாறும், கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். அந்த நான்கு மாதத்துக்கு இன்சோலைத் தனியாக வைக்காமல், வடிவம் செருப்பிலேயே வார்த்த, தண்ணீர் உறிஞ்சாத ஈவிஏ செருப்பாகப் பாருங்கள். குதிகாலில் குழி, குதிகாலைப் பிடிக்கும் பின்வார், நடுவில் மடங்காத சோல், அடியில் ஆழமான வெட்டுகள். பின்வார் இல்லாத செருப்பு நழுவாமல் இருக்க விரல்களால் கவ்விக்கொண்டே நடப்போம், அதுவும் பாதத்துக்குக் கூடுதல் வேலை. ஈவிஏ சீக்கிரம் அமுங்கிவிடும். பக்கவாட்டில் கிடைக்கோடாகச் சுருக்கங்கள் விழுந்திருந்தாலோ, பின்னாலிருந்து பார்த்தால் செருப்பு ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ அதன் வேலை முடிந்துவிட்டது, மேல்புறம் புதிதாக இருந்தாலும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கும் ஸ்டேஷனுக்கும் பின்பக்கச் சுவர் உறுதியான, லேஸ் அல்லது ஸ்ட்ராப் வைத்த, மிதமான ராக்கர் ஷூ ஒன்று. குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரமாக இருப்பது நல்லது. பின்சுவரை இரண்டு விரலால் கிள்ளினால் உள்ளே நசுங்கக் கூடாது. மதியத்துக்கு மேல் கடைக்குப் போங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். அதோடு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். வகுப்பில் நிற்கும்போது வலி மிச்சமிருந்தால் ரெடிமேட் ஆர்ச் இன்சோலைச் சேருங்கள், ஷூவில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துவிட்டுத்தான். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு நாள். ஹீல் கப் உங்களுக்குக் கடைசி, நடுக்குதிகாலிலும் வலி இருந்தால் மட்டும். குழிவான குதிகால் உள்ள இன்சோலுக்கு மேல் ஹீல் கப்பையும் அடுக்காதீர்கள், கால் ஷூவை விட்டு மேலே வந்துவிடும்.

எம்.சி.ஆரைத் தூக்கிப் போட வேண்டாம், அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்த பட்டை முதல் அடியில் திடீரென்று இழுபடுவதுதான் காலை வலி, அதை எந்த ஷூவாலும் முழுசாகத் தடுக்க முடியாது. எழுந்ததும் உட்கார்ந்தபடியே வலது காலை இடது தொடை மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்து 10 எண்ணும்வரை பிடியுங்கள், 10 தடவை. பிறகு அந்தச் செருப்பில் காலை நுழைத்து இறங்குங்கள். பாத்ரூமுக்குத்தானே என்று வெறுங்காலோடு போகாதீர்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்று யாராவது பயமுறுத்தினால், வலியே இல்லாத நிறையப் பேருக்கும் அது இருக்கிறது. அதற்காக இன்சோலில் ஓட்டை போட்டுத் தரும் வியாபாரத்தில் விழ வேண்டாம். ஆனால் குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் நெரித்தால் வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம். எரிச்சலும் மதமதப்பும் உள்ளங்காலில் பரவினால் நரம்பு. இரண்டு குதிகாலிலும் வலி, காலையில் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கிறது என்றால் வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது பட்டென்று ஏதோ அறுந்த மாதிரி இருந்து உள்ளங்கால் கன்றிப்போனால் அன்றே காட்ட வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் மேலே சொன்ன கெட்டி இன்சோல் எதையும் டாக்டரிடம் காட்டாமல் போடாதீர்கள், புண் வருவது உங்களுக்குத் தெரியாது. இதில் எதுவும் இல்லாமல், ஷூவும் பயிற்சியும் சேர்ந்து மூன்று மாதமாகியும் காலை வலி அசையவே இல்லையென்றால், புது ஷூ தேடாமல் அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள்.